கை மெஷினில், கடை வாட்ஸ்அப்பில்

"பட்டு ஜாக்கெட் தைக்க எவ்ளோ ஆகும்? வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?" என்று ஒரு பெண் தையல் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுகிறார். அனுப்பிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்து விழுகிறது: "அன்பார்ந்த வாடிக்கையாளரே, எங்களைத் தொடர்புகொண்டமைக்கு மிக்க நன்றி. தங்களுக்கு நாங்கள் எவ்வாறு உதவலாம்?"

என்ன வேண்டும் என்று அவர் இப்போதுதான் சொன்னார். விலை கேட்டார், நாள் கேட்டார். இரண்டையும் காதில் வாங்காமல் "என்ன வேண்டும்?" என்று திரும்பக் கேட்டால், எதிரில் ஆள் இல்லை என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும். மரியாதைச் சொற்கள் அத்தனையும் இருந்தும் அந்தச் செய்தி சில்லென்று இருப்பது இதனால்தான். அடுத்த கடையின் எண்ணைத் தேட அவருக்கு அரை நிமிடம் போதும்.

வரவேற்புச் செய்தி என்று பெயர் வைத்திருப்பதால், அதுதான் முதலில் போகும் என்று நினைத்து நாம் எழுதிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டாவதாகப் போகிறது. வாடிக்கையாளர் ஏதோ ஒன்றைச் சொன்ன பிறகு, அது என்னவென்றே தெரியாமல் போகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்து எழுதினால் பாதித் தவறுகள் வராமலே போய்விடும்.

சிறு கடைகள் பயன்படுத்தும் WhatsApp Business செயலி 2018-இல் வந்தது. அதில் Business tools என்ற பகுதிக்குள் Greeting message என்றொரு வசதி இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால் இரண்டு சந்தர்ப்பங்களில் செய்தி தானாகப் போகும். ஒருவர் முதன்முறை எழுதும்போது ஒன்று. ஏற்கெனவே பேசியவர் 14 நாள் எந்தப் பேச்சும் இல்லாமலிருந்து மறுபடி எழுதும்போது இன்னொன்று. செயலியே ஒரு வாசகத்தையும் எழுதிக் கொடுக்கிறது: தொடர்புகொண்டதற்கு நன்றி, எப்படி உதவலாம் என்று சொல்லுங்கள் என்ற பொருளில். பெரும்பாலான கடைகள் அதை அப்படியே விட்டுவிடுகின்றன, அல்லது அதையே இன்னும் பெரிய தமிழில் எழுதி வைக்கின்றன.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். திண்டுக்கல்லில் ஒரு பெண் தனியாக நடத்தும் தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, கல்யாண சீசனில் கொஞ்சம் ஆரி வேலை. உதவிக்கு ஒரு பெண் வந்து கொக்கி, எம்மிங் பார்த்துவிட்டுப் போவார். மெஷினில் உட்கார்ந்துவிட்டால் போனை எடுக்க முடியாது. கழுத்துப் பட்டி திருப்பும்போது கவனம் சிதறினால் வளைவு கெட்டுவிடும், பட்டுத் துணியைப் பிரித்துத் தைத்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். ஆகவே தானாகப் போகும் ஒரு செய்தி இந்தக் கடைக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

அதை எழுத உட்காரும்போது பேனாவை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பேனா எடுத்தால் நமக்கு வங்கி, மின்வாரிய அறிவிப்பின் தமிழ்தான் வருகிறது. "தாங்கள்", "தங்களது", "எவ்வாறு", "தயவுகூர்ந்து" என்று வரிசையாக வந்து உட்காரும். கடைக்காரரோ வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார். அவர் மெஷினில் இருக்கும்போது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினால் என்ன சொல்வார்? தலையை நிமிர்த்தாமலே, "வாங்க, உட்காருங்க, இந்தக் கையை முடிச்சுட்டு வந்துர்றேன்" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். நீங்கள் வந்ததை நான் அறிவேன் என்பது "வாங்க"வில் இருக்கிறது. இப்போது ஏன் எழுந்து வரவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு அளவும் இருக்கிறது. ஒரு கை இணைக்கும் நேரம். அதுவரை நீங்கள் என்ன செய்யலாம் என்பதும் இருக்கிறது. நல்ல தானியங்கிச் செய்திக்கு வேண்டியவை இந்த நான்கும்தான். கடைக்காரர் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் மாற்றி எழுத்தில் வைத்தால் போதும். போனின் குரல் தட்டச்சில் பேசிவிட்டு, பிறகு பிழையை மட்டும் திருத்துவது நல்ல வழி. ஊர்ப் பேச்சின் வாசனை தானே வந்துவிடும். கரூர்க் கடை என்றால் "சொல்லுங்க" என்பதில் ஒரு இழுப்பு இருக்கும், திருநெல்வேலிக் கடை என்றால் வேறு மாதிரி இருக்கும். அதை வழித்தெடுத்துவிட வேண்டாம்.

முதல் வரைவு இப்படி வரக்கூடும்:

"வணக்கம்ங்க, உங்க மெசேஜ் வந்துருச்சு. இது தானா போற பதில். மெஷின்ல உட்கார்ந்துட்டா போனை எடுக்க முடியறதில்ல. மத்தியானம் 2 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் எல்லா மெசேஜையும் பார்த்து நானே பதில் போடுவேன். என்ன தைக்கணும், எந்தத் தேதிக்கு வேணும்னு எழுதி வைங்க. துணியோட போட்டோ இருந்தா அதையும் அனுப்புங்க."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறது. "உங்க மெசேஜைப் பார்த்தேன்" என்று போடவில்லை, அவர் பார்க்கவில்லை. "வந்துருச்சு" என்பது உண்மை. "இப்ப மெஷின்ல இருக்கேன்" என்றும் போடவில்லை. இரவு 11 மணிக்கு அது போகும், கோயிலில் நிற்கும்போதும் போகும். "மெஷின்ல உட்கார்ந்துட்டா எடுக்க முடியறதில்ல" என்பது எப்போதும் பொருந்தும். "காலை வணக்கம்" என்று ஆரம்பித்தால் பாதி நாளுக்குத் தவறாகிவிடும். வெறும் "வணக்கம்" போதும். எழுதியவர் அக்காவா அண்ணனா என்று செய்திக்குத் தெரியாது. மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் விசாரிக்கும் அப்பாவுக்கு "வணக்கம் சகோதரி" என்று போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? உறவுச் சொல்லின் வேலையை "ங்க" செய்துவிடுகிறது.

தானாகப் போகிற பதில் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். சொல்லிவிட்டால் அன்னியமாகிவிடும் என்று அவர்களுக்கு ஒரு பயம். என் கருத்து, சொல்லிவிடுவதுதான் நல்லது. எழுதிய நொடியில் ஐந்து வரி பதில் எந்த மனிதராலும் எழுத முடியாது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். அப்படித் தெரியாத ஒருவராக இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். அக்கா போனைக் கையில்தான் வைத்திருக்கிறார் என்று நம்பி அடுத்தடுத்து நான்கு கேள்வி எழுதுவார், பதில் வராவிட்டால் உடனே கூப்பிடுவார், எடுக்காவிட்டால் மனம் கோணுவார். நான்கே சொல்லில் உண்மையைச் சொல்லிவிட்டு, கூடவே "நானே பதில் போடுவேன்" என்று சேர்த்தால், பின்னால் ஒரு ஆள் வருகிறார் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கையைத் தாங்குவது "விரைவில்" என்ற சொல்லால் ஆகாது. விரைவில் என்றால் பத்து நிமிடமா, நாளைக்கா? வெள்ளிக்கிழமைக்கு ஜாக்கெட் வேண்டியவருக்கு அது முக்கியம். இரண்டு நேரத்தைக் குறித்துச் சொல்லிவிட்டால் அவர் போனை அடிக்கடி எடுத்துப் பார்க்காமல் வேறு வேலை பார்ப்பார். நேரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடைக்காரர் எப்படியும் போனைக் கையில் எடுக்கும் நேரம் எதுவோ அதுதான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஒரு முறை, கடையைச் சாத்திய பிறகு ஒரு முறை. 1 மணிக்குச் சாப்பாடு என்றால் 2 மணி என்று எழுத வேண்டும், 1.30 என்று எழுதக் கூடாது. சொன்ன நேரத்துக்கு முன்னால் பதில் வந்தால் மகிழ்ச்சி, பின்னால் வந்தால் குறை. காப்பாற்ற முடியாத நேரத்தைப் போடுவதைவிட "சாயங்காலத்துக்குள்ள" என்று தளர்வாகப் போடுவது மேல்.

இனி இந்த வரைவைச் சோதிக்க வேண்டும். கடைப் போனில் இதுவரை வந்த உரையாடல்களைத் திறந்து, ஒவ்வொருவரும் முதலில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். ஒரு பதினைந்து இருபதை எடுத்து ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நம் செய்தியை வைத்து வாய்விட்டுப் படியுங்கள். "ஹாய்" என்று மட்டும் ஒருவர் அனுப்பியிருப்பார். அதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது. "லைனிங் வெச்சு தைக்க எவ்ளோ?" என்று ஒருவர், அதற்கும் சரி. ஒருவர் கேள்வியே இல்லாமல் ஒரு டிசைன் படத்தை மட்டும் அனுப்பியிருப்பார். எந்தத் தேதிக்கு என்று கேட்பது அங்கே சரியாகப் போய் நிற்கிறது.

அடுத்து இது வருகிறது: "அக்கா போன மாசம் தெச்ச ஜாக்கெட் கை ரொம்ப டைட்டா இருக்கு, கல்யாணத்துல போடவே முடியல." அவர் எழுதி 14 நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் அவருக்கும் வரவேற்புச் செய்தி போகும். மனம் நொந்து எழுதியவரிடம் "என்ன தைக்கணும்?" என்று கேட்கிறது நம் வரைவு. இந்த இடத்தில் அது மிகவும் கெட்டுப்போகிறது. வரவேற்புச் செய்தியில் தள்ளுபடி அறிவிப்பு, பூங்கொத்துப் படங்கள், "எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி" போன்றவை ஏன் கூடாது என்பதும் இதே இடத்தில் தெரிந்துவிடும். குறை சொல்ல வந்தவருக்கும் அதுவே போய்ச் சேரும். எப்படிப்பட்ட மனநிலையில் இருப்பவர் படித்தாலும் உறுத்தாத வாக்கியம்தான் இங்கே நிற்கும்.

இன்னொன்றும் மாட்டும். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஒருவர் எழுதியிருப்பார். நம் செய்திப்படி அவருக்கு ஞாயிறு மதியம் 2 மணிக்குப் பதில் வர வேண்டும். ஞாயிறு கடை லீவு. அவர் திங்கள்கிழமை வரை காத்திருந்து, ஏமாற்றத்தோடு வருவார்.

"அக்கா, நாளைக்கு ஊருக்கு வர்றியா?" என்பதும் அந்தத் தாளில் இருக்கலாம். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே எண் வைத்திருக்கும் கடைகள் ஏராளம். சொந்தத் தம்பிக்கு "துணியோட போட்டோ அனுப்புங்க" என்று போகாமல் தடுக்க, Greeting message பக்கத்திலேயே Recipients என்ற இடத்தில் வழி இருக்கிறது. எல்லாருக்கும் அனுப்பலாம், போனில் பெயர் பதிந்திராதவர்களுக்கு மட்டும் அனுப்பலாம், குறிப்பிட்ட சிலரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பலாம், சிலருக்கு மட்டும் அனுப்பலாம். பெயர் பதிந்திராதவர்களுக்கு மட்டும் என்பது சுலபமாகத் தெரியும். ஆனால் பழைய வாடிக்கையாளர்களின் பெயரைப் பதிந்து வைத்திருந்தால் அவர்களுக்கும் செய்தி போகாது, எப்போது பதில் வரும் என்று தெரியாமல் அவர்கள் காத்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் சிலரை விலக்கிவிட்டு மற்ற எல்லாருக்கும் அனுப்புவதே தையல் கடைக்கு ஏற்றது. ஒருமுறை உட்கார்ந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்தது.

சோதனையில் தெரிந்த குறைகளைச் சரிசெய்தால் செய்தி இப்படி ஆகிறது:

"வணக்கம்ங்க, உங்க மெசேஜ் வந்துருச்சு. இது தானா போற பதில்.

மெஷின்ல உட்கார்ந்துட்டா போனை எடுக்க முடியறதில்ல. மத்தியானம் 2 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் எல்லாத்தையும் பார்த்து நானே பதில் போடுவேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு.

புதுசா தைக்கணும்னாலும் சரி, தைச்சதுல எதாவது மாத்தணும்னாலும் சரி, துணியோட ஒரு போட்டோவும் எந்தத் தேதிக்கு வேணும்ங்கிறதும் போட்டு வைங்க."

மூன்று பத்தி, படிக்கச் சில நொடி. இதற்கு மேல் எதையும் சேர்க்க எனக்கு மனம் வராது. சேர்க்கச் சொல்லிப் பலர் வருவார்கள். கடையின் முழு முகவரி, கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், யுபிஐ எண், கூலிப் பட்டியல், "துணி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" வரை. முகவரிக்கும் கடை நேரத்துக்கும் கணக்கின் சுயவிவரப் பக்கத்தில் தனி இடமே இருக்கிறது. பணம் அனுப்பும் எண்ணை விலை கேட்பதற்கு முன்னாலேயே நீட்டுவது யாருக்கும் பிடிக்காது. கேட்பதையும் இரண்டோடு நிறுத்த வேண்டும். பெயர், ஊர், துணி வகை, கழுத்து டிசைன், லைனிங் வேண்டுமா, பட்ஜெட் என்று அடுக்கினால் அது விண்ணப்பப் படிவம். பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள். போட்டோவும் தேதியும் மட்டும் ஏன் என்றால், தையல்காரருக்குப் பதில் சொல்ல அவை இரண்டும் இல்லாமல் முடியாது. துணியைப் பார்த்தால் லைனிங் வேண்டுமா என்று அவருக்கே தெரியும், தேதியைப் பார்த்தால் முடியுமா என்று தெரியும்.

கூலி எவ்வளவு என்பதுதான் பெரும்பாலானோர் கேட்பது. அதற்கு அதே செயலியில் Quick replies என்ற வசதியைப் பயன்படுத்தலாம். சாதா ஜாக்கெட், லைனிங் வைத்தது, பட்டு என்று கூலி விவரத்தை ஒரு முறை எழுதி `/kooli` என்ற சுருக்கத்தில் சேமித்து வைத்தால், 2 மணிக்குப் பதில் போடும்போது சாய்கோட்டைத் தட்டி அதைத் தேர்ந்தெடுத்தால் முழு விவரமும் வந்துவிடும். இது தானாகப் போகாது. கடைக்காரர் பார்த்து, தேவையானவருக்கு மட்டும் அனுப்புவது. அளவு ஜாக்கெட் கொண்டுவர வேண்டும், துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் கொண்டுவர வேண்டும் என்பன போன்ற வழக்கமான விஷயங்களுக்கும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மனிதர் எழுதும் அந்த முதல் பதிலின் முதல் வரியைக் கையால் எழுத வேண்டும். "மயில் பச்சைப் பட்டு நல்லா இருக்குங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தந்துடலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு கூலி விவரத்தை அனுப்பினால், எழுதியது படிக்கப்பட்டது என்று அவருக்குத் தெரிகிறது. தானாகப் போன செய்திக்கு அடுத்து, சேமித்து வைத்த இன்னொரு செய்தியே போனால் இரண்டும் மெஷினாகவே தோன்றும். முதல் செய்தியில் எவ்வளவு இதமாகப் பேசியிருந்தாலும் பயன் இருக்காது.

கடை மூடியிருக்கும் நாட்களுக்கு Away message என்று வேறொன்று இருக்கிறது. எப்போதும் அனுப்பலாம், கடை நேரத்துக்கு வெளியே மட்டும் அனுப்பலாம், அல்லது Custom schedule என்பதில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்து அனுப்பலாம். குலதெய்வம் கோயிலுக்குப் போக நான்கு நாள் கடை அடைப்பு என்றால் இந்தக் கடைசி வழியையே பயன்படுத்துங்கள். எப்போதும் அனுப்பு என்று வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து அணைக்க மறந்துவிடும். பொங்கல் லீவு செய்தி பங்குனி வரை போய்க்கொண்டிருக்கும். போனில் இணையம் இருந்தால்தான் இந்தச் செய்தி போகும் என்பதும் நினைவிருக்கட்டும். ஊருக்குப் போகும்போது கடைப் போனை அணைத்து மேஜை அறைக்குள் வைத்துவிட்டுப் போனால், எழுதுபவர்களுக்கு எதுவும் போகாது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வரவேற்புச் செய்தியையே மாற்ற வேண்டும். கைக்கு மேல் உருப்படி சேர்ந்துவிட்ட பிறகும் பழைய செய்தி "தேதி போட்டு வைங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தால், எழுதுபவர் தீபாவளித் தேதியைப் போட்டுவிட்டு நம்பிக்கையோடு இருப்பார். அப்போது போக வேண்டியது: "வணக்கம்ங்க. தீபாவளிக்குத் தைக்க எடுத்தது நிறைஞ்சுருச்சு, இனிமே வாங்கினா நேரத்துக்குக் குடுக்க முடியாது. தீபாவளி கழிச்சுப் போதும்னா சொல்லுங்க, ராத்திரி 8 மணிக்குப் பதில் போடறேன்." முடியாது என்பதை முதல் நொடியிலேயே சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவருக்கு வேறு கடை தேட நாள் கிடைக்கிறது. ஒரு வாரம் கழித்துத் துணியைத் திருப்பிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ நல்ல மனசு. தீபாவளி மறுநாளே பழைய செய்திக்கு மாற்றிவிட வேண்டும். காலண்டரில் அந்தத் தேதியில் குறித்து வைத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் வேறொரு போனிலிருந்து அனுப்பிப் பாருங்கள். 14 நாள் கணக்கு இருப்பதால், நேற்றுதான் கடை எண்ணுக்கு எழுதிய போனிலிருந்து அனுப்பினால் எதுவும் வராது. வசதி வேலை செய்யவில்லை என்று தவறாக நினைத்துவிடுவோம். கடை எண்ணோடு சமீபத்தில் பேசாத ஒரு போன் வேண்டும். அது திரையில் எப்படி விழுகிறது, பூட்டிய திரையில் முதல் வரி என்ன தெரிகிறது என்று பாருங்கள். அங்கே "அன்பார்ந்த" என்று தெரிவதற்கும் "உங்க மெசேஜ் வந்துருச்சு" என்று தெரிவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது அப்போது விளங்கும். முடிந்தால், கடைக்கு வழக்கமாக வரும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "இது நான் பேசற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கடை வைத்திருப்பவர் என்றால், இன்று கடையைச் சாத்திய பிறகு உங்கள் கடை எண்ணோடு சமீபத்தில் பேசாத ஒருவர் போனை வாங்கி அந்த எண்ணுக்கு ஒரு ஜாக்கெட் கூலி கேட்டு எழுதுங்கள். என்ன பதில் வருகிறதோ, அதைத்தான் உங்கள் புது வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் படித்துக்கொண்டிருக்கிறார்.